முத்திரையைப் பார்க்காதே, கடிதத்தைப் படி

தங்கச்சி, நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரோஷரைப் பார்த்தேன். ஆன்லைனில் எம்.ஏ. சைக்காலஜி, இரண்டு வருடம், மாதத் தவணையில் ஃபீஸ், மேலே தங்க நிறத்தில் ‘நாக் ஏ பிளஸ்’ என்று ஒரு வட்ட முத்திரை. “யுஜிசி அங்கீகாரம் பெற்றதுன்னு போட்டிருக்கு அக்கா, சேர்ந்துடலாமா?” என்று கேட்டிருக்கிறாய். எங்கள் ஆபீஸில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கிற பொறுப்பு என் தலையில் இருப்பதால், இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகப் புத்தி அதிகம். ஆகவே ‘சேரலாம், சேர வேண்டாம்’ என்று இப்போதே சொல்லமாட்டேன். நீயே அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். எங்கே பார்ப்பது, பார்த்ததை எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த முத்திரையை ஓரமாக வை. நாக் என்பது கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் மொத்தமாக மதிப்பிட்டுத் தரம் கொடுக்கிற அமைப்பு. நான்குக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். 3.26 முதல் 3.50 வரை வாங்கினால் ஏ பிளஸ், அதற்கு மேல் ஏ டபுள் பிளஸ், 3.01 முதல் 3.25 வரை வெறும் ஏ. கட்டடம், ஆசிரியர், ஆராய்ச்சி, நிர்வாகம் எல்லாம் சேர்ந்த மதிப்பெண் அது. நீ சேரப்போகிற ஆன்லைன் படிப்பைத் தனியாக எடுத்துப் பார்த்துக் கொடுத்தது இல்லை. ஆன்லைன் பட்டம் நடத்த ஒரு பல்கலைக்கழகத்துக்கு நல்ல நாக் மதிப்பெண்ணோ தேசியத் தரவரிசையில் இடமோ வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது யுஜிசியிடம் போய் நிற்பதற்கான தகுதி மட்டுமே. டூவீலர் லைசென்ஸ் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக ஒருவரை பஸ் ஓட்ட விடுவார்களா?

பஸ் ஓட்டுகிற லைசென்ஸ் வேறு இடத்தில் இருக்கிறது. யுஜிசியில் தொலைநிலைக் கல்விக்கென்று ஒரு தனிப் பிரிவு உண்டு. டி.இ.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2013 வரை இந்த வேலையை இக்னோவுக்குள் இருந்த வேறொரு கவுன்சில் பார்த்தது. அதன் பிறகு யுஜிசியே எடுத்துக்கொண்டது. இப்போது நடப்பில் இருப்பது 2020 செப்டம்பரில் வந்த ஒழுங்குமுறை விதிகளும் அதற்குப் பின் வந்த திருத்தங்களும். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பை, எந்த முறையில், எந்தப் பருவத்திலிருந்து நடத்தலாம் என்று இந்தப் பிரிவுதான் பட்டியல் போடுகிறது. கடைசியாகச் சொன்ன நான்கில் ஒன்று பொருந்தாவிட்டாலும் மற்ற மூன்றால் உனக்குப் பிரயோஜனம் இல்லை.

எந்த வாசல் வழியாகப் போவது

பிரோஷரில் இருக்கிற லிங்க்கைத் தொடாதே. விளம்பரத்திலிருந்து போனால் பெரும்பாலும் போய்ச் சேருவது ஏதாவது ஏஜென்டின் பக்கத்துக்கோ, படிப்பை விற்கிற எட்டெக் கம்பெனியின் பக்கத்துக்கோதான். பல்கலைக்கழகத்தின் லோகோ மேலே இருக்கும், கீழே ‘கால்பேக் வேண்டுமா’ என்று போன் நம்பர் கேட்கும். அதிலே எழுதியிருப்பதற்குப் பல்கலைக்கழகம் பொறுப்பில்லை.

அதனால் தலைகீழாக ஆரம்பி. முதலில் யுஜிசியின் ugc.gov.in தளத்துக்குப் போய், மத்திய, மாநில, தனியார், நிகர்நிலை என்று பிரித்துப் போட்டிருக்கிற பல்கலைக்கழகப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா பார். நம் நாட்டில் பட்டம் கொடுக்கிற உரிமை யாருக்கு என்பதை யுஜிசி சட்டத்தின் 22ஆவது பிரிவு சொல்கிறது. நாடாளுமன்றச் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ உருவான பல்கலைக்கழகம், நிகர்நிலை என்று அறிவிக்கப்பட்ட நிறுவனம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம், அவ்வளவுதான். ‘இன்டர்நேஷனல்’, ‘குளோபல்’, ‘ஓப்பன்’ என்று பெயரில் எதைச் சேர்த்தாலும் இந்த வட்டத்துக்குள் வராதவர்கள் கொடுக்கிறது வெறும் காகிதம். போலிப் பல்கலைக்கழகங்கள் என்று யுஜிசி வெளியிடுகிற இன்னொரு பட்டியலும் அங்கேயே இருக்கிறது. ஆனால் போலிப் பட்டியலில் பெயர் இல்லை என்பது எதற்கும் அத்தாட்சி ஆகாது. நல்ல பட்டியலில் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு.

பெயர் கிடைத்ததும் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்துக்குப் போ. முகவரி .ac.in என்றோ .edu.in என்றோ முடிந்தால் கொஞ்சம் நிம்மதி, ஏனென்றால் அந்த இரண்டும் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் தரப்படுகிறவை. ஆனால் நல்ல பல்கலைக்கழகங்கள் சிலவும் ஆன்லைன் படிப்புக்கென்று .com முகவரி வைத்திருக்கின்றன. அப்படி இருந்தால் உடனே பயப்படாதே. பிரதான தளத்திலிருந்து அந்த .com தளத்துக்கு லிங்க் இருக்கிறதா என்று பார். இருந்தால் அது அவர்களுடையதுதான். எதிர்த்திசையில், அதாவது .com தளத்திலிருந்து பிரதான தளத்துக்கு லிங்க் இருப்பதால் ஒன்றும் நிரூபணம் ஆகாது, அதை யார் வேண்டுமானாலும் போடலாம்.

அந்தக் கடிதம்

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஆன்லைன், தொலைநிலைப் படிப்பு நடத்துகிற எந்தப் பல்கலைக்கழகமும் யுஜிசியிடம் பெற்ற அனுமதிக் கடிதத்தைத் தன் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டும் என்பது விதி. பக்கத்தின் அடிப்பகுதியில் ‘UGC-DEB Approval’ என்றோ ‘Recognition Letter’ என்றோ ‘Mandatory Disclosure’ என்றோ சின்ன எழுத்தில் இருக்கும். சில இடங்களில் ‘CIQA’ என்று ஒரு பக்கம் இருக்கும். ஆன்லைன் படிப்புகளின் தரத்தைக் கவனிக்கப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கிற மையம் அது, அதற்குள்ளே தேடு. கடிதமே கண்ணில் படவில்லை, ‘யுஜிசி அங்கீகாரம்’ என்று வாக்கியம் மட்டும்தான் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது என்றால், எனக்கு அங்கேயே ஆர்வம் போய்விடும்.

கடிதம் கிடைத்ததும் முதல் பக்கத்தின் லெட்டர்ஹெட்டைப் பார்த்துவிட்டு மூடிவிடாதே. எல்லோரும் செய்வது அதுதான். பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கு எழுதிய கடிதமாக இருக்கும். தேதியும் கோப்பு எண்ணும் மேலே இருக்கும். உனக்கு வேண்டியது உள்ளே இருக்கிற அட்டவணை.

அதில் முதலில் எந்த முறைக்கு அனுமதி என்று பார். தொலைநிலை வேறு, ஆன்லைன் வேறு. புத்தகம் அனுப்பி, வாரக்கடைசியில் ஏதோ ஒரு மையத்தில் வகுப்பு வைத்து நடத்துவது தொலைநிலை, கடிதத்தில் ‘Open and Distance Learning’ என்று இருக்கும். முழுக்க இணையவழியில் நடப்பது ‘Online’. இரண்டு பட்டமும் வழக்கமான கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022இல் அறிவிப்பே வெளியிட்டிருக்கிறது. ஆனால் அனுமதி தனித்தனி. தொலைநிலைக்கான கடிதத்தைக் காட்டி ஆன்லைன் சீட்டை விற்பது நடக்கிற காரியம்தான். பி.டி.எஃப்.பைத் திறந்து யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியம்.

அடுத்து படிப்பின் பெயர். பிரோஷரில் இருக்கிற பெயரும் அட்டவணையில் இருக்கிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எம்.பி.ஏ. என்று அட்டவணையில் இருந்து, விளம்பரத்தில் ‘எக்ஸிகியூட்டிவ் போஸ்ட் கிராஜுவேட் புரோகிராம்’ என்று இருந்தால் அது அநேகமாகச் சான்றிதழ் படிப்பு, பட்டம் இல்லை. சான்றிதழ் படிப்பில் தப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் பட்டத்துக்கான பணத்தைக் கொடுத்துச் சான்றிதழ் வாங்காதே. என்னிடம் வருகிற கோப்புகளில் நான் அதிகமாகப் பார்க்கிற குழப்பம் இதுதான். அந்தப் பிள்ளைகளுக்குத் தாங்கள் வாங்கியது பட்டம் இல்லை என்பதே நேர்முகத் தேர்வுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

மூன்றாவது, கல்வியாண்டும் பருவமும். ஆன்லைன் சேர்க்கை வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும், ஜூலை-ஆகஸ்டில் ஒன்று, ஜனவரி-பிப்ரவரியில் ஒன்று. நீ சேரப்போகிற பருவம் அந்தக் கடிதத்தின் காலத்துக்குள் வருகிறதா? மூன்று வருடத்துக்கு முந்தைய கடிதத்தை எடுக்காமல் அப்படியே தளத்தில் விட்டுவைத்திருப்பார்கள். கடிதம் நிஜம்தான், பொய் ஏதும் இல்லை, உனக்குத்தான் அது பொருந்தாது.

இது சின்ன டெக்னிக்கல் விஷயம் என்று நினைத்துவிடாதே. 1929இல் தொடங்கிய நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை யாராவது போலி என்று சொல்வார்களா? ஊருக்கு ஊர் அதன் தொலைநிலைப் பட்டதாரிகள் இருக்கிறார்கள். ஆனாலும் 2022 மார்ச்சில் யுஜிசி ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. அந்தப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அனுமதி இருந்தது என்றும், அதற்குப் பிறகு நடந்த சேர்க்கைக்கு அங்கீகாரம் இல்லை என்றும் அதில் சொன்னது. பல்கலைக்கழகம் நிஜம், ஆசிரியர்கள் நிஜம், தேர்வு நிஜம். எந்த வருடம் சேர்ந்தாய் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. பழைய, பெரிய, அரசுப் பல்கலைக்கழகம் என்ற நம்பிக்கையில் யாரும் கடிதத்தைத் தேடிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

உன் சைக்காலஜி விஷயம்

இந்தக் கண்ணோடு இப்போது உன் பிரோஷருக்கு வருவோம். அந்தப் பல்கலைக்கழகம் யுஜிசி பட்டியலில் இருக்கிறது என்று வைத்துக்கொள். நாக் முத்திரையும் உண்மை. தளத்தில் கடிதம் இருக்கிறது, ‘Online’ என்று தெளிவாகப் போட்டிருக்கிறது, அட்டவணையில் எம்.ஏ. சைக்காலஜியும் இருக்கிறது. தேதியை மட்டும் பார்த்தால் 2023 என்று இருக்கிறது. இங்கேதான் நிற்க வேண்டும்.

ஏனென்றால் 2025 ஆகஸ்டில் யுஜிசி ஓர் உத்தரவு போட்டது. மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களை முறைப்படுத்த 2021இல் ஒரு தேசியச் சட்டம் வந்தது அல்லவா, அதன் கீழ் வருகிற படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்பதுதான் உத்தரவு. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்தே அமலுக்கு வந்தது. சைக்காலஜி அதில் இருக்கிறது. மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, உணவும் ஊட்டச்சத்தும், கிளினிக்கல் நியூட்ரிஷன் இவையும் இருக்கின்றன. ஏற்கெனவே கொடுத்த அனுமதியையும் அந்தப் பருவத்திலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஒரே பி.ஏ. பட்டத்துக்குள் ஆங்கிலம், பொருளாதாரம், சைக்காலஜி என்று பல பிரிவுகள் இருந்தால் சைக்காலஜியை மட்டும் எடுத்துவிட வேண்டும், மற்றவை தொடரலாம்.

ஆக, 2023 கடிதத்தில் சைக்காலஜி இருப்பது உனக்கு உதவாது. பல்கலைக்கழகம் ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. தளத்தைப் புதுப்பிக்காமல் இருந்திருக்கலாம், ஏஜென்ட் பழைய பிரோஷரையே சுற்றிக்கொண்டிருக்கலாம். யார் தப்பு என்று தேடுவது நம் வேலை இல்லை. அதனால்தான் பல்கலைக்கழகத் தளத்தோடு நிற்காமல் deb.ugc.ac.in தளத்துக்கும் போகச் சொல்கிறேன். அங்கே கல்வியாண்டு, பருவம் வாரியாக, ஆன்லைனுக்கென்று தனியாக, பல்கலைக்கழகமும் அதன் படிப்புகளும் பட்டியலாக இருக்கும். அங்கேயே பொது அறிவிப்புகளும் இருக்கும். கடிதமும் பட்டியலும் முரண்பட்டால் பட்டியலைத்தான் நம்ப வேண்டும். பட்டியலிலும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பிறகு வந்த அறிவிப்பைப் படி.

‘நாங்க யுஜிசி என்டைட்டில்டு, எங்களுக்குத் தனி அனுமதியே தேவையில்லை மேடம்’ என்று அந்த கவுன்சலர் சொல்லுவார், பார். அந்தச் சொல் பொய்யில்லை. உயர்ந்த மதிப்பெண் வாங்கிய பல்கலைக்கழகங்களுக்கு ஒவ்வொரு படிப்புக்கும் முன்கூட்டியே அனுமதி கேட்காமல் ஆரம்பிக்கிற சலுகை உண்டு. ஆனால் அவர்களும் படிப்பு வாரியாக டி.இ.பி. பட்டியலில் வருகிறார்கள். தடை செய்த பாடத்தை அவர்களும் நடத்த முடியாது.

தடை என்றதும் சொல்லிவிடுகிறேன், சைக்காலஜி புதிதாகச் சேர்ந்ததுதான், பழைய பட்டியல் நீளமானது. பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, சட்டம், ஆர்க்கிடெக்சர், விவசாயம், ஹோட்டல் மேனேஜ்மென்ட் எதையும் ஆன்லைனில் பட்டமாகத் தர முடியாது. பிஎச்.டி.யும் அப்படித்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆன்லைன் பிஎச்.டி. தருகிறோம் என்கிற எட்டெக் விளம்பரங்களை நம்பாதீர்கள் என்று 2022இல் யுஜிசியும் ஏஐசிடிஇயும் சேர்ந்து எச்சரித்தன. பொறியியல் விஷயத்தில் உச்ச நீதிமன்றமே 2017 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அவற்றில் ஒன்று தமிழ்நாட்டில் இருப்பது, உரிய அனுமதி இல்லாமல் தொலைநிலையில் பி.இ. பட்டம் கொடுத்திருந்தன. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. ஏஐசிடிஇ நடத்துகிற தேர்வை எழுதித் தேறினால்தான் திரும்பக் கிடைக்கும் என்றது தீர்ப்பு. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்தானது. அந்தப் பட்டத்தைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கி, பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அதில் உண்டு.

நீ மனசு மாறி எம்.பி.ஏ. பக்கம் போனால் கூடுதலாக ஒரு காகிதம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் நடத்துகிற எம்.பி.ஏ., எம்.சி.ஏ.வுக்கு ஏஐசிடிஇ ஒப்புதலும் வேண்டும், அந்தக் கடிதமும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். மத்திய, மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் அது இல்லை என்று கவலைப்படாதே.

பணம் கட்டுவதற்கு முன்

2024 முதல் புதிதாக ஒரு படி சேர்ந்திருக்கிறது. தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேருகிற இந்திய மாணவர் ஒவ்வொருவரும் டி.இ.பி. தளத்தில் தனக்கென்று ஒரு அடையாள எண் எடுக்க வேண்டும். ‘DEB ID’ என்று அங்கே இருக்கும். அதற்கு முன்னால் கிரெடிட் வங்கியின் ஏ.பி.சி. எண் வேண்டும், அதை டிஜிலாக்கர் வழியாக எடுத்துக்கொள்ளலாம். ‘நீங்க ஆதார் மட்டும் அனுப்புங்க, மத்ததெல்லாம் நாங்க பண்ணிக்கிறோம்’ என்று சொல்லுவார்கள். வேண்டாம். உன் போன், உன் மெயில், உன் கையாலேயே எடு. டி.இ.பி. எண்ணைக் கேட்கவே கேட்காமல் பணத்தை மட்டும் வாங்கிச் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறவர்களிடம் நீ இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதே சமயம், எண் கிடைத்துவிட்டது என்பதால் படிப்புக்கு அனுமதி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதே. அந்த எண் உன்னைப் பற்றியது.

சேர்க்கைக்குக் கடைசித் தேதி ஒவ்வொரு பருவத்துக்கும் யுஜிசி அறிவிக்கும், சில சமயம் நீட்டிக்கவும் செய்யும். தேதி தாண்டிய பிறகு ‘பேக் டேட்ல போட்டுத் தர்றோம்’ என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடு. ‘ஒரே சிட்டிங்கில் டிகிரி’ என்பவர்களுக்கும் அதே மரியாதைதான். ஃபீஸை பல்கலைக்கழகத்தின் சொந்தப் பேமென்ட் பக்கத்தில், பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே கட்டு. மையத்தின் பெயரிலோ தனிநபர் ஜிபே நம்பருக்கோ ஒரு ரூபாய்கூட வேண்டாம். வேறு யாருக்கும் கிளை உரிமை கொடுத்துப் பட்டப்படிப்பு நடத்த விதியில் இடமில்லை.

எல்லாம் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு மெயில் போடு. கவுன்சலருக்கு வேண்டாம், அவர் வேலை விற்பது. மெயிலில் ‘அங்கீகாரம் உண்டா’ என்று பொதுவாகக் கேட்காதே, ‘உண்டு’ என்று ஒரே சொல்லில் பதில் வரும். இந்தப் பெயருள்ள படிப்பை, ஆன்லைன் முறையில், இந்தப் பருவத்தில் சேருபவர்களுக்கு நடத்த அனுமதித்த யுஜிசி கடிதத்தின் எண்ணும் தேதியும் என்ன என்று கேள். பதில் அதிகாரபூர்வ முகவரியிலிருந்து எழுத்தில் வர வேண்டும்.

சைக்காலஜிதான் வேண்டும் என்றால் நேரில் போய்ப் படிக்கிற கல்லூரியைப் பார், மாலை வகுப்பு இருக்கிறதா விசாரி. வேலையை விட முடியாது, ஆன்லைன்தான் என்றால் பாடத்தை மாற்று. எதில் சேர்ந்தாலும் சேருகிற அன்றைக்கே அந்த அனுமதிக் கடிதத்தையும், டி.இ.பி. பட்டியலில் உன் படிப்பு இருக்கிற பக்கத்தையும் தேதி தெரிகிற மாதிரி டவுன்லோடு செய்து, ஃபீஸ் ரசீதோடு ஒரே ஃபோல்டரில் போட்டு எனக்கும் ஒரு காப்பி அனுப்பு. தளங்கள் மாறும், பழைய பருவத்துப் பக்கங்கள் காணாமல் போகும். நாலு வருடம் கழித்து என்னைப் போல ஒருத்தி ‘நீங்க சேர்ந்தப்போ இதுக்கு அனுமதி இருந்துதா?’ என்று கேட்கும்போது அதைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.